ஈரம் வேறு, ஊற்று வேறு

காங்கேயம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், சித்திரை வெயிலில் ஒரு தென்னந்தோப்புக்குக் கிணறு வெட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. வரப்போரமாகப் பழைய சாக்குகளை விரித்து, அவற்றின்மேல் மண்ணைச் சிறுசிறு குவியலாக வரிசையாக வைத்திருந்தார்கள். கிணறு மூன்றடி இறங்கும்போதெல்லாம் ஒரு சட்டி மண்ணை எடுத்து வந்து அந்த வரிசையில் கொட்டவேண்டும். அந்த வேலை மேஸ்திரியின் அக்கா மகனுக்கு. வேலைக்கு வந்த முதல் நாளே கடப்பாறையைத் தொடப்போனவனை மேஸ்திரி தடுத்துவிட்டார்.

“மொதல்ல மண்ணப் பாரு மாப்ள. கடப்பாறய எவன் வேணா புடிப்பான்.”

நாற்பது ஆண்டுகளாகக் கிணறு வெட்டுகிற அவருக்கு நிலவியல் பாடம் யாரும் நடத்தியதில்லை. ஆனால் அந்த மண் வரிசையைப் பார்த்து அவர் சொல்லிக்கொடுப்பதும், நிலத்தடி நீர் ஆய்வாளர்கள் சொல்வதும் பெரும்பாலும் ஒன்றுதான். சொற்கள்தான் வேறு.

தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் சுமார் 73 சதவீதம் கெட்டிப் பாறைக்கு மேல் அமைந்தது. கொங்கு வட்டாரத்துக்குக் கீழே இருப்பதும் இருநூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் பழைய பாறைகளே. அந்தப் பாறைக்குள் நீர் தங்க இடம் இல்லை. பாறை மேலிருந்து மெல்ல மெல்ல மக்கி உதிர்ந்த பகுதியிலும், அதற்கு அடியில் பாறை வெடித்திருக்கும் இடுக்குகளிலும் மட்டுமே நீர் நிற்கும். கடலோர மணல் பூமியில் எங்கே தோண்டினாலும் ஏறக்குறைய ஒரே ஆழத்தில் நீர் வரும். இங்கே அப்படி இல்லை. ஒரு கிணற்றில் ஊற்று பொங்கும்; நூறடி தள்ளி வெட்டிய கிணறு வறண்டு கிடக்கும். மண்ணைப் படிக்கத் தெரிந்தவருக்கு இங்கே மதிப்பு இருப்பது அதனால்தான்.

இடம் பார்த்தது

தோப்புக்காரர் முதலில் காட்டிய இடம் வீட்டுக்குப் பக்கத்து மேடு. தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் ஒருவர் குறித்துக்கொடுத்த இடம் அது. மேஸ்திரி அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. “பக்கத்துத் தோட்டத்துக் கெணத்த ஒருவாட்டி எட்டிப் பாத்துட்டு வந்தர்றனுங்க” என்று மருமகனைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அடுத்த தோட்டத்துக் கிணறு முப்பது ஆண்டு பழையது. அடியில் கொஞ்சம் நீர் கிடந்தது. மேஸ்திரி நீரைப் பார்க்கவே இல்லை; சுவரைத்தான் பார்த்தார். மேலே செம்மண், அதற்குக் கீழே வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல், பிறகு மங்கலான களி, அதற்கும் கீழே பழுப்பு நிற மக்கின பாறை, கடைசியில் கருத்த பாறை. மக்கின பாறை மேட்டுப்பக்கச் சுவரில் குறைவாகவும், பள்ளத்துப்பக்கச் சுவரில் அதைவிட ஓர் ஆள் உயரம் அதிகமாகவும் இருந்தது. கிழக்குச் சுவரில், பாறைக்கு சற்று மேலே, துருக்கறை நீளவாக்கில் ஒழுகியிருந்தது. 

அவர் முடிவு அங்கேயே கிடைத்துவிட்டது. மேட்டில் மக்கின பாறையின் கனம் குறைவு, பள்ளத்தில் அதிகம். நீர் தங்கும் இடம் அதுதான் என்றால், கனம் அதிகமுள்ள பக்கம் போகவேண்டும். ஓடை ஓரமாக, மேட்டிலிருந்து இருநூறடி தள்ளி இடம் மாறியது. அங்கே தரையில் வெங்கச்சங்கல் துண்டுகள் ஒரே வரிசையாகச் சிதறிக் கிடந்ததும் அவருக்குப் பிடித்துப்போனது. பாறைக்குள் பட்டையாக ஓடும் அந்த வெள்ளைக்கல் எளிதில் நொறுங்கும். அதை ஒட்டி வெடிப்புகள் இருக்க வாய்ப்பு அதிகம்.

தேங்காய் பார்த்தவர் தவறு என்று அவர் சொல்லவில்லை. மக்கின பாறை உள்ள பூமியில் எங்கே தோண்டினாலும் கொஞ்சமாவது ஈரம் தட்டும். அதனால் நீரோட்டம் பார்ப்பவரின் வாக்கு பாதிக்கு மேல் பலித்ததுபோலவே தெரியும். புற்றும் அப்படித்தான். கறையான் கீழிருந்து ஈர மண்ணைக் கொண்டுவருவதால், அருகே ஈரம் இருக்கிறது என்று புற்று சொல்லும். ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையில் நிலத்தடி நீருக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. புற்றும் மரங்களும் அதில் அடையாளங்களாக வருகின்றன. ஆனால் அந்த நீர் ஒரு குடம் தேறுமா, ஒரு தோப்புக்குத் தேறுமா என்பதை மண் வரிசைதான் சொல்லவேண்டும்.

முதல் இருபதடி

இருபதடி அகலத்தில் வட்டக் கிணறு. மேல்பகுதியைப் பொக்லைன் தோண்டியது. நாலடி வரை செம்மண். அதற்குக் கீழே ஒன்பதடி வரை சுக்கான் கல் கலந்த மண். பையன் அந்த வெள்ளைக் கட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இது என்னங்க மாமா, பாறையா?”

“பாறையில்லடா, சுண்ணாம்பு. தண்ணி வத்துன எடம்.”

அதுதான் நடந்திருக்கிறது. மழை குறைந்த, வெயில் மிகுந்த பூமியில் மண்ணுக்குள் இறங்கும் நீர் அதிக ஆழம் போவதற்குள் வெயில் அதை மீண்டும் மேலே இழுத்துவிடுகிறது. நீர் ஆவியாகப் போக, அதில் கரைந்திருந்த சுண்ணாம்பு மட்டும் மண்ணில் கட்டி கட்டியாகத் தங்கிவிடுகிறது. சுக்கான் கல் தென்படும் ஆழம், சாதாரண மழை நனைத்துவிட்டுத் திரும்பும் ஆழம். கிணற்று நீர் அங்கே இல்லை. இன்னும் கீழே போகவேண்டும்.

ஒன்பதடிக்குக் கீழே களி. வழுவழுப்பாக, சாம்பலும் மஞ்சளும் கலந்து, வெயிலில் பிடித்தால் காக்காப்பொன் மினுங்கியது. பதினான்காவது அடியில் மண் நன்றாக நனைந்து வந்தது. மேலே சாக்கில் கொட்டிய குவியல் பளபளத்தது. பையன் கத்தினான்:

“மாமா, தண்ணி வந்துருச்சு!”

மேஸ்திரி ஒரு பிடி அள்ளி அவன் உள்ளங்கையில் வைத்து, இறுக்கிப் பிழியச் சொன்னார். உருண்டை ஆனது. விரலிடுக்கில் ஒரு சொட்டு நீர்கூட வரவில்லை. பிறகு குழியின் ஒரு மூலையில் முழங்கை ஆழத்துக்குச் சின்னக் குழி போட்டு, இரவு அப்படியே விட்டார்கள். மறுநாள் காலையில் அதில் இரண்டு விரல் கனத்துக்குக் கலங்கல் நின்றது.

“இது ஈரம். ஊத்து இல்ல.”

கிணறு வெட்டுகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான். பாறை மக்கும்போது அதிலுள்ள சில கனிமங்கள் களியாக மாறுகின்றன. கண்ணாடி போன்ற வெங்கச்சங்கல் துகள்கள் மட்டும் மணலாக மிஞ்சுகின்றன. களியின் துகள்கள் மிகமிக நுண்ணியவை. அவற்றுக்கு நடுவே நிறைய நீர் நிற்கும்; ஆனால் இடைவெளி அவ்வளவு சிறியதாக இருப்பதால் நீர் அதைவிட்டு வராது. கை நனையும், கிணறு நிறையாது.

நிலத்தடி நீரைக் கணக்கிடும்போது ஆய்வாளர்கள் இதற்கு எண்ணே வைத்திருக்கிறார்கள். ஆற்று மணல் நூறு கன அடி நீரில் ஊறியிருந்தால் சுமார் 16 கன அடி நீரை விடும் என்று கொள்வார்கள். களி குறைவாக உள்ள மக்கின பாறை 3 கன அடி. களி மிகுந்தால் அதுவும் பாதியாகி 1.5 கன அடி. வெடிப்பில்லாத கெட்டிப் பாறை 0.3 கன அடி. மேஸ்திரி பிடி மண்ணைப் பிழியச் சொன்னதும் இந்தக் கணக்கைத்தான்: எவ்வளவு நீர் இருக்கிறது என்பதை அல்ல, எவ்வளவு நீரை விட்டுக்கொடுக்கும் என்பதைப் பார்ப்பது.

மண் கரகரத்த இடம்

இருபதடிக்குக் கீழே மண்ணின் குணம் மாறியது. கண்ணால் பார்த்தால் பாறைபோலவே இருந்தது. பழைய பாறையின் வரிகள்கூட அப்படியே தெரிந்தன. கையில் எடுத்து அழுத்தினால் பொடிந்துவிட்டது. மக்கின பாறை இதுதான். பையனுக்கு மேஸ்திரி கொடுத்த வேலை: மூன்றடிக்கு ஒருமுறை வரும் மண்ணை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்து, வழுக்குகிறதா, கரகரக்கிறதா என்று சொல்வது. இருபத்தொன்றில் வழுக்கல் அதிகம். இருபத்துநான்கில் பாதிக்குப் பாதி. இருபத்தேழில் கரகரப்பு. முப்பதில் மணல்போலவே உதிர்ந்தது. அதே பிடி பிழிதலை முப்பதில் செய்தபோது விரலிடுக்கிலிருந்து நீர் சொட்டியது.

முப்பத்தோராவது அடியில் சுவரில் கசிவு தெரிந்தது. கிழக்குப் பக்கத்தில், சுவர் முழுக்க வியர்த்ததுபோல நீர் முத்துமுத்தாகத் திரண்டு ஒழுகியது. இதற்குள் பொக்லைன் போயாகிவிட்டது. கிரேன் வைத்துத் தொட்டியில் மண் ஏற்றும் வேலை. தோப்புக்காரர் சந்தோஷப்பட்டு, இத்தோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டார்.

மேஸ்திரி ஒத்துக்கொள்ளவில்லை. நீர் அதிகம் ஓடுவது மக்கின பாறையின் அடிப்பகுதியிலும், அதற்குக் கீழே பாறை முதன்முதலாக வெடித்திருக்கும் பகுதியிலும்தான். மேலே உள்ளது தேக்கிவைக்கும் இடம். கீழே உள்ள வெடிப்புகள் அதை நாலாபக்கத்திலிருந்தும் கிணற்றுக்குக் கொண்டுவரும் வழி. தேக்கத்தைத் தொட்டுவிட்டு வழியை எட்டாமல் நிறுத்தினால், சித்திரையில் ஊறும் கிணறு ஆவணியில் காய்ந்துவிடும். கொங்குப் பகுதியில் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அதற்கு முன்னால் வரும் மாதங்களில் நீர்மட்டம் தொடர்ந்து இறங்கிக்கொண்டே போகும். வெயில் காலத்தில் கிணறு வெட்டுவதே அதற்காகத்தான். மட்டம் தாழ்ந்திருக்கும்போது கண்ட ஊற்றைத்தான் நம்பலாம்.

துருவும் ஓசையும்

முப்பத்தாறடியில் சம்மட்டி தேவைப்பட்டது. பாறை பெரிய பெரிய துண்டுகளாகப் பெயர்ந்தது. ஒரு துண்டைப் புரட்டிப்போட்டு மேஸ்திரி மருமகனைக் கூப்பிட்டார். உடைந்த முகம் ஒன்று சாம்பல் நிறத்தில், இப்போதுதான் உடைந்ததாகப் பளிச்சென்று இருந்தது. அடுத்த முகம் செந்துரு படிந்து, நடுநடுவே கறுப்புப் பூச்சோடு இருந்தது.

“சாம்பலா இருக்கறது நம்ம ஒடச்சது. செவப்பா இருக்கறது ஏற்கனவே ஒடஞ்சு கெடந்தது. தண்ணி போன வழி அது.”

வெடிப்பின் வழியே காற்றும் நீரும் போய்வந்தால் பாறையிலுள்ள இரும்பு துருவாகப் படியும். மாங்கனீசு கறுப்பாகப் படியும். துருவைப் பின்பற்றிப் போனால் ஊற்றுக்கண்ணைக் கண்டுபிடிக்கலாம். கிழக்குச் சுவரில் துருக்கறை படிந்த வெடிப்பு ஒன்று சாய்வாக இறங்கியது. முப்பத்தொன்பதாவது அடியில், அதன் வாயைக் கடப்பாறையால் நெம்பியபோது, கை கனத்துக்கு நீர் பீறிட்டு வந்தது. 

துருவை நம்புவதிலும் எச்சரிக்கை வேண்டும். இது பையனுக்கு மேற்குச் சுவரில் புரிந்தது. அங்கேயும் அதேபோல் சிவந்த வெடிப்பு, முப்பத்திரண்டாவது அடியில். நெம்பினால் பொடி உதிர்ந்தது. ஒரு சொட்டு இல்லை.

“செவப்பா இருக்குதே மாமா, ஏன் வல்ல?”

“எங்கப்பன் காலத்துல வந்திருக்கும்.”

துரு, எப்போதோ நீர் ஓடியதற்குச் சான்று. இன்றும் ஓடுகிறது என்பதற்கு அல்ல. சுற்றுவட்டாரத்தில் ஆழ்துளைக் கிணறுகள் எட்டுநூறு, ஆயிரம் அடி என்று இறங்கிய பிறகு, மேல்மட்டத்து மக்கின பாறை பல ஊர்களில் காலியாகிவிட்டது. அப்படிப்பட்ட இடத்தில் மண் வரிசை எவ்வளவு நன்றாக இருந்தாலும் கிணறு ஊறாது. மண்ணைப் படிப்பதன் எல்லை இதுதான்: நீர் தங்கும் இடம் இருக்கிறதா என்பதை மண் சொல்லும், அது நிரம்பியிருக்கிறதா என்பதைப் பக்கத்துக் கிணறுகளின் இன்றைய நீர்மட்டத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டும்.

நாற்பத்தாறடியில் பாறையின் ஓசை மாறியது. வெடிப்புள்ள பாறையில் சம்மட்டி விழுந்தால் ஓசை அடங்கி, மொத்தென்று கேட்கும். வெடிப்பில்லாத பாறையில் ‘கிண்’ என்று கேட்கும், சம்மட்டியும் துள்ளும். பையன் நாலைந்து இடங்களில் தட்டிப் பார்த்தான், எல்லாம் ‘கிண்’தான். நாற்பத்தெட்டடியில் வேலையை நிறுத்தினார்கள். அதற்குமேல் வெட்டினால் நீர் நிற்க இடம் கூடும், ஊற்று கூடாது. வெடி வைத்து இன்னும் பத்தடி இறக்கும் செலவு வீண்.

கிணற்றுக்குள் இறங்கும்முன்

இடையில் மூன்று இடங்களில் வெடி வைக்க வேண்டியிருந்தது. அதற்கு உரிமம் உள்ள ஆள் தனியாக வந்தார். வெடித்த பிறகு அன்றைக்கு யாரும் கிணற்றில் இறங்கவில்லை. வெடிப்புகையில் கார்பன் மோனாக்சைடும் பழுப்பு நிற நச்சுப்புகையும் உண்டு; அவை ஆழக் குழிக்குள் தங்கிவிடும். மறுநாள் காற்றை உள்ளே செலுத்திய பிறகே இறங்கினார்கள். மெழுகுவத்தியை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கத்தை மேஸ்திரி இன்றும் செய்கிறார். ஆனால் அதை மட்டும் நம்பவேண்டாம் என்றும் சொல்லிவைத்திருக்கிறார். உயிர்க்காற்று குறைந்தால் சுடர் அணையும். கார்பன் மோனாக்சைடு இருந்தால் சுடர் அப்படியே எரிந்துகொண்டிருக்கும், ஆள்தான் விழுவார். கிணற்றுக்குள் டீசல் என்ஜினை இறக்கி ஓட்டுவது உயிரைப் பறிப்பதும் இதனால்தான். விழுந்தவரைத் தூக்க இன்னொருவர் அவசரப்பட்டு இறங்கி அவரும் இறந்துபோவது தொடர்ந்து நடக்கிறது.

மேலே தோண்டிப்போட்ட மண்ணையும் கிணற்று விளிம்பிலிருந்து தள்ளியே கொட்டினார்கள். களி உள்ள சுவர் மேலிருக்கும் சுமையால் சரியக்கூடியது. அந்த இருபதடிக்குக் கல் வைத்துக் கட்டியபோது, மக்கின பாறை தொடங்கும் இடத்தில் கட்டுக்கு இடையிடையே துளை விடச் சொன்னார் மேஸ்திரி. சிமெண்டால் முழுக்கப் பூசிவிட்டால், மழைக்காலத்தில் மேல்மட்டத்திலிருந்து வரும் நீரும் கட்டுக்குப் பின்னாலேயே நின்று, சுவரையும் தள்ளிவிடும்.

ஊற்றை அளந்தது

கிணறு முடிந்ததும் பையனுக்குக் கடைசிப் பாடம். மோட்டார் வைத்து அடிவரை இறைத்தார்கள். சுவரில் அடிக்கணக்கு எழுதிய மூங்கில் ஒன்றைச் சாய்த்து வைத்தார்கள். மாலை ஆறு மணிக்கு மோட்டாரை நிறுத்தி, மறுநாள் காலை ஆறு மணிக்குப் பார்த்தபோது நீர் ஐந்தடி ஏறியிருந்தது.

இருபதடி அகல வட்டக் கிணற்றில் ஓர் அடி நீர் என்பது 314 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் ஏறக்குறைய 8,900 லிட்டர். ஐந்தடிக்கு 44,500 லிட்டர். ஓர் ஏக்கருக்கு ஓர் அங்குல உயரம் நீர் பாய்ச்சவே ஒரு லட்சத்துக்கு மேல் லிட்டர் வேண்டும். வாய்க்கால் பாசனத்துக்கு இந்தக் கிணறு தாங்காது. சொட்டுநீரில் மரத்துக்கு நாளைக்கு 80 லிட்டர் என்று வைத்தால் ஐந்நூறு தென்னைக்கு மேல் தாங்கும். தோப்பில் இருப்பது முந்நூறு மரம். 

பையன் இடையில் மணிக்கொருமுறை குறித்துவைத்த கணக்கில் இன்னொன்றும் தெரிந்தது. முதல் மணி நேரத்தில் எட்டு அங்குலம் ஏறிய நீர், விடியற்காலையில் மணிக்கு மூன்று அங்குலம்தான் ஏறியது. கிணற்று நீர்மட்டம் தாழ்ந்திருக்கும்போது சுற்றியுள்ள பாறையிலிருந்து நீர் வேகமாக வரும்; மட்டம் உயர உயர வேகம் குறையும். அதனால் ஒரே மூச்சில் இறைத்துவிட்டு ஒரு நாள் முழுக்கக் காத்திருப்பதைவிட, காலையில் பாதி, மாலையில் பாதி என்று இறைத்தால் அதே கிணறு கூடுதலாகக் கொடுக்கும். தோப்புக்காரருக்கு மேஸ்திரி சொல்லிவிட்டுப் போன ஒரே அறிவுரை அதுதான்.

இந்தக் கிணறு தேறியதற்கு முதல் காரணம், பக்கத்துத் தோட்டக்காரர் தன் பழைய கிணற்றை மூடாமல் வைத்திருந்ததுதான். உங்கள் ஊரில் வறண்ட கிணறு இருந்தால் அதில் குப்பையையும் கட்டட இடிபாட்டையும் கொட்டி நிரப்பாதீர்கள். ஓர் ஏக்கர் அகலத்தில் பத்தடி கனத்துக்கு மக்கின பாறை இருந்தால், களி குறைவாக உள்ள இடத்தில் அது ஏறக்குறைய மூன்றே முக்கால் லட்சம் லிட்டரைத் தேக்கி, திருப்பித் தரும். அது இன்று காலியாக இருக்கலாம். பாறையும் வெடிப்பும் அப்படியே இருக்கின்றன. கிணற்றுக்குச் சுற்றுவேலி போட்டு, தூர் எடுத்து, மணலும் ஜல்லியும் போட்ட வடிகுழி வழியாக மழைநீரை உள்ளே விடுங்கள். புதிதாக ஆழ்துளைக் கிணறு போட முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், அந்தக் கிணற்றுச் சுவரை ஒருமுறை எட்டிப் பாருங்கள்.